சம்பளத்தில் பிடித்த சேமநிதி எங்கே போயிற்று?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசவேண்டிய இடத்தில் ஆலைச் சம்பளத்தைப் பற்றி இவர் ஏன் பேச வந்தார் என்று சிலர் எண்ணக்கூடும். இங்கே அமர்ந்திருப்போரில் எத்தனை பேருடைய மகனோ மகளோ மருமகளோ நூற்பாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போய்வருகிறார்கள் என்று கேட்டால், பாதிக் கைகளாவது உயரும் என்று நம்புகிறேன். அவர்களுடைய சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. அதனை வருங்கால வைப்பு நிதி என்கிறோம். சேமநிதி என்பாரும் உண்டு. ஆலையில் எல்லோரும் அதைப் பி.எப். என்றே சொல்கிறார்கள். பிடித்த பணம் நிதி அலுவலகத்திற்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எப்படி, சேரவில்லை என்றால் அது எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று கண்டுபிடிப்பது எப்படி என்பவற்றை மட்டுமே இன்று சொல்லப்போகிறேன்.

நான் உடனிருந்து பார்த்த ஒரு விவகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் நமக்குத் தேவையில்லை. ஒரு சிறு விவசாயியின் மகள், 2024 ஜூன் மாதத்தில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலை அவரை நேராக வேலைக்கு வைக்கவில்லை. ஆட்களைக் கொண்டுவந்து விடும் காண்டிராக்டர் ஒருவர் மூலமாகச் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய். சம்பளச் சீட்டில் பி.எப். என்ற வரியில் 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ. என்ற வரியில் 90 ரூபாயும் கழிக்கப்பட்டு, 10,470 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது.

இந்த 1,440 என்பது 12,000-க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம். இதே அளவு தொகையை வேலை கொடுப்பவரும் தம் பங்காகப் போடவேண்டும். ஆனால் அவர் போடும் 1,440 ரூபாயும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. அதில் ஏறக்குறைய 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்கிற்குப் போய்விடும்; எஞ்சிய 440 ரூபாய் மட்டுமே சேமநிதியில் சேரும். ஆகவே பாஸ் புத்தகத்தில் ஒரு மாதத்துக்குரிய வரியில் 1,440, 440, 1,000 என்று மூன்று எண்கள் இருக்கும். ‘என் பணம் 1,440 வந்திருக்கிறது, முதலாளி 440 தானே போட்டிருக்கிறார், மீதியை ஏமாற்றிவிட்டார்’ என்று கருதி வருகிறவர்கள் பலர். அது ஏமாற்று அன்று. கணக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது. மூன்று எண்களையும் கூட்டினால் 2,880 வரவேண்டும். வந்தால் அந்த மாதம் சரி.

அந்தப் பெண்ணின் தந்தை 2025 மார்ச் மாதத்தில் எட்டுச் சம்பளச் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஜூன் முதல் ஜனவரி வரை எட்டு மாதங்களுக்கும் 1,440 பிடிக்கப்பட்டிருந்தது. பாஸ் புத்தகத்திலோ ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய நான்கு மாதங்களே இருந்தன. அதன் பிறகு ஒன்றுமில்லை. மகளின் பங்கு மட்டும் 5,760 ரூபாய். வேலை கொடுப்பவரின் பங்கையும் சேர்த்தால் 11,520 ரூபாய். அந்தக் குடும்பத்திற்கு அது ஒரு போகத்து உரச் செலவு.

பாஸ் புத்தகம் என்றதும் அஞ்சலகத்தில் தரும் சிறு புத்தகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது கணினியிலும் கைபேசியிலும் பார்க்கும் கணக்கு. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் UAN என்ற பன்னிரண்டு இலக்க எண் ஒன்று உண்டு; சம்பளச் சீட்டிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைக்கொண்டு passbook.epfindia.gov.in என்ற தளத்திலோ UMANG என்ற கைபேசிச் செயலியிலோ கணக்கைப் பார்க்கலாம். இதற்கு அந்த எண்ணுடன் பதிவுசெய்த கைபேசி கையில் இருக்கவேண்டும். இங்கேதான் முதல் முட்டுக்கட்டை ஏற்படுகிறது. வேலைக்குச் சேரும் நாளில் மேஸ்திரியோ காண்டிராக்டரின் குமாஸ்தாவோ தம்முடைய கைபேசி எண்ணையே எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. பணம் வரவானால் வரும் குறுஞ்செய்தியும், வராமல் போனால் வராத செய்தியும் தொழிலாளிக்குத் தெரியாமலே போய்விடும். அந்தப் பெண்ணின் எண்ணும் அப்படித்தான் மேஸ்திரியின் கைபேசியோடு இணைந்திருந்தது. ஆதார் அட்டையையும் அதனோடு பதிந்த சொந்தக் கைபேசியையும் கொண்டு அதை மாற்றிய பின்னரே கணக்கைத் திறக்க முடிந்தது. இந்த ஒரு வேலையை இ-சேவை மையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். எண்ணைச் சொந்தக் கைபேசியில் பதிந்து செயற்படுத்தியவர்கள், EPFOHO UAN TAM என்று தட்டி 7738299899 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் கடைசியாக வரவான தொகை தமிழிலேயே வந்துசேரும்.

கணக்கைத் திறந்தவுடன் ‘பணம் இல்லை’ என்று முடிவுகட்டிவிடலாகாது. சில சமயங்களில் பணம் இருக்கும். நாம் பார்க்கும் இடம்தான் தவறாக இருக்கும். ஜூன் மாதச் சம்பளத்தில் பிடித்ததை ஜூலை 15-ஆம் தேதிக்குள் செலுத்தவேண்டும் என்பது விதி. ஆகவே பாஸ் புத்தகத்தில் ஜூன் மாதச் சம்பளத்துக்குரிய வரியில் Due-Month 072024 என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஜூன் விட்டுப்போயிற்று என்று எண்ணுவோர் உண்டு. பணம் கட்டிய பிறகும் கணக்கில் ஏறச் சில நாட்கள் பிடிக்கும். அடுத்த மாத முடிவு வரை பொறுத்திருந்து, அப்போதும் வராவிட்டால் மட்டுமே சந்தேகம் கொள்வது நல்லது.

இன்னொன்று, முன்பு வேறு கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் அப்போதே ஒரு UAN கிடைத்திருக்கும். புதிய காண்டிராக்டர் அதைக் கேட்காமல் வேறொரு எண் வாங்கிவிட்டால் பணம் அந்த எண்ணில் சேர்ந்துகொண்டிருக்கும்; நாம் பழைய எண்ணைப் பார்த்து வருந்திக்கொண்டிருப்போம். சம்பளச் சீட்டில் உள்ள எண்ணும் கைபேசியில் நாம் திறந்த எண்ணும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். சில பெரிய ஆலைகள் அரசின் அனுமதி பெற்றுத் தாமே ஓர் அறக்கட்டளை வைத்துச் சேமநிதியைப் பராமரிக்கின்றன. அத்தகைய ஆலையில் நேராக வேலை செய்கிறவர்களின் கணக்கு அந்த அறக்கட்டளையிடமே இருக்கும். இது நம் பக்கத்துச் சிறு ஆலைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

நம் பெண்ணின் விஷயத்தில் இவற்றில் எதுவும் இல்லை. எண் ஒன்றுதான். அதே எண்ணில்தான் முதல் நான்கு மாதமும் வரவாகியிருந்தது. ஆகவே பணம் வழியில் எங்கோ நின்றுவிட்டது என்பது தெளிவாயிற்று. அதைத் தொடர்ந்து தேடுவதற்கு, பணம் போகும் வழியைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை கொடுப்பவர் மாதந்தோறும் ஒரு பட்டியலைக் கணினி மூலம் நிதி அலுவலகத்திற்கு அனுப்புகிறார். அதில் ஒவ்வொரு தொழிலாளியின் UAN, பெயர், சம்பளம், பங்குத் தொகை ஆகியன வரிவரியாக இருக்கும். இப்பட்டியலுக்கு ECR என்று பெயர். பட்டியலின் கூட்டுத்தொகைக்கு ஒரு செலுத்துச் சீட்டு உண்டாகும். அதற்கு TRRN என்ற எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணின் பேரில் வங்கி மூலம் பணம் கட்டப்படுகிறது. கட்டிய பணம் பட்டியலில் உள்ளவர்களின் கணக்குகளுக்குப் பிரிந்து சேர்கிறது. சந்தைக்கு நெல் மூட்டை அனுப்பும்போது கூடவே போகும் பட்டியலைப் போன்றது இது. மூட்டையே போகாமலிருக்கலாம், மூட்டைகள் போய், பட்டியலில் நம் பெயர் விடுபட்டிருக்கலாம். பட்டியலில் பெயர் இல்லையென்றால், ஆலை எவ்வளவு பணம் கட்டினாலும் நமக்கு ஒரு காசும் வராது. பணம் கட்டப்பட்டதா என்று கேட்டதோடு நின்றுவிடாமல், நம் பெயருக்குக் கட்டப்பட்டதா என்றும் கேட்கவேண்டும். பலரும் முதல் கேள்வியோடு திருப்தியடைந்து வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடையை எவரும் பார்க்கலாம். ரகசிய எண் எதுவும் வேண்டியதில்லை. நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் Establishment Search என்றொரு பகுதி உண்டு. அங்கே நிறுவனத்தின் பெயரையோ குறியீட்டு எண்ணையோ கொடுத்துத் தேடினால் நிறுவனம் வரும். View Payment Details என்பதைத் தொட்டால், எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை பேருக்காகக் கட்டப்பட்டது என்று வரிவரியாக விரியும். அவ்வரியிலிருந்தே அந்த மாதத்துப் பெயர்ப் பட்டியலையும் திறந்து பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று அதில் இராது. பெயர் மட்டுமே இருக்கும். நமக்கு அதுவே போதும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தத் தந்தையும் முதலில் அதில் விழப்பார்த்தார். ஊரில் படித்த பையன் ஒருவனைக் கொண்டு ஆலையின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். ஆலை மாதம் தவறாமல் பணம் கட்டியிருந்தது. ‘எல்லாம் கட்டியாகிவிட்டது மாமா, கணக்கில் ஏறத் தாமதம்தான்’ என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். ஆனால் அது ஆலையின் சொந்தத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பணம். இந்தப் பெண் காண்டிராக்டரின் ஆள். காண்டிராக்டருக்குத் தனிக் குறியீட்டு எண். அந்த எண்ணை எங்கே பார்ப்பது? பாஸ் புத்தகத்திலேயே அங்கத்தினர் எண் என்று ஐந்து எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து நீண்ட இலக்க வரிசையும் இருக்கும். எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் ஏழு இலக்கங்களே நிறுவனத்தின் எண். அந்த எண்ணைப் போட்டால் வேறு பெயர் வந்தது. அது காண்டிராக்டரின் பெயர்.

அவர் கணக்கை மாதம் மாதமாகப் பார்த்தோம். செப்டம்பர் மாதச் சம்பளத்துக்கு 63 பேருக்குக் கட்டியிருந்தார். அக்டோபர் மாதத்துக்கு 41 பேர். நவம்பருக்கும் 41 பேர். டிசம்பருக்கும் ஜனவரிக்கும் வரியே இல்லை. அக்டோபர் பட்டியலில் பெயர்களைப் படித்தபோது இந்தப் பெண்ணின் பெயரும், அதே வேனில் அவருடன் வேலைக்குப் போகும் நான்கு பெண்களின் பெயர்களும் இல்லை. ஆக, நான்கு மாதக் குறை என்று ஒன்றாகத் தோன்றியது உண்மையில் இரண்டு வேறு குறைகள். முதல் இரண்டு மாதங்களில் 22 பேரை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கட்டியிருக்கிறார். அடுத்த இரண்டு மாதங்களில் எவருக்குமே கட்டவில்லை. இரண்டுக்கும் பரிகாரம் வேறு. முதலாவதற்கு விட்டுப்போனவர்களுக்காகத் துணைப் பட்டியல் அனுப்பிப் பணம் கட்டவேண்டும். இரண்டாவதற்கு முழுப் பட்டியலும் முழுப் பணமும் போகவேண்டும். மனு எழுதும்போது இதைப் பிரித்து எழுதினால், அலுவலகத்தில் படிப்பவருக்கு உடனே விளங்கும்.

காண்டிராக்டரைக் கேட்டோம். “ஆதாரில் பெயர் ஒத்துவரவில்லை, கணினி ஏற்கவில்லை, நான் என்ன செய்வேன்” என்றார். இது முழுப் பொய்யான காரணம் அன்று, இப்படியும் நடக்கிறது. 2021 செப்டம்பர் முதல், ஆதாருடன் இணைக்கப்படாத UAN எண்ணுக்குப் பட்டியல் அனுப்ப இயலாது. ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்துச் சேர்ந்து இருக்கும், ஆலைப் பதிவில் இராது. அல்லது பிறந்த தேதி மாறியிருக்கும். இணைப்பு நடக்காது. காண்டிராக்டர் அந்த ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். ஆனால் சம்பளத்தில் பிடிப்பதை மட்டும் நிறுத்தமாட்டார். அதனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் மாதத்திலிருந்தே பாஸ் புத்தகம் காலியாக இருந்தால், முதலில் சந்தேகப்படவேண்டியது இந்த ஆதார் இணைப்பைத்தான். அதைத் திருத்தும் வேலையில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு.

இந்தப் பெண்ணுக்கு அந்தச் சமாதானம் பொருந்தவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு முறை கணினி ஏற்றுக்கொண்ட எண்ணை ஐந்தாம் முறை ஏற்கவில்லை என்றால் நடுவில் ஏதாவது மாறியிருக்கவேண்டும், ஒன்றும் மாறவில்லை. “ஆதார் காரணமானால் முதல் மாதமே தடுத்திருக்குமே ஐயா” என்று தந்தை கேட்டார். காண்டிராக்டர் பதில் சொல்லவில்லை.

அடுத்து ஆலைக்குப் போனோம். காண்டிராக்டரின் ஆட்களாயிற்றே, ஆலைக்கு இதில் என்ன பொறுப்பு என்று கேட்கலாம். வேலை நடப்பது ஆலையில். காண்டிராக்டர் மூலம் வைத்த ஆட்களுக்கும் சேமநிதி போய்ச் சேருவதற்கு ஆலையே முதன்மைப் பொறுப்பாளி என்று 1952-ஆம் ஆண்டின் சேமநிதித் திட்டம் வகுத்திருந்தது. மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள் காண்டிராக்டர் தாம் பிடித்த தொகைகளின் விவரத்தை ஆலைக்குக் கொடுக்கவேண்டும் என்றும் அதில் இருந்தது. காண்டிராக்டர் கட்டாவிட்டால் ஆலை கட்டிவிட்டு அவருக்குக் கொடுக்கவேண்டிய பில் தொகையில் கழித்துக்கொள்ளலாம். இதனால்தான் பெரும்பாலான ஆலைகளில் அந்த மாதத்துச் செலுத்துச் சீட்டின் நகலைக் கொடுத்த பிறகே காண்டிராக்டரின் பில்லுக்குப் பணம் தருகிறார்கள்.

அந்த ஆலையிலும் அப்படித்தான். அக்டோபர், நவம்பர் மாதங்களுக்குரிய செலுத்துச் சீட்டுகள் இரண்டும் அவர்களுடைய கோப்பில் பத்திரமாக இருந்தன. TRRN எண் உண்மையானது, பணமும் உண்மையாகவே கட்டியது. ஆனால் சீட்டில் 41 பேர் என்று எழுதியிருப்பதையும், தங்கள் வருகைப் பதிவேட்டில் அதே காண்டிராக்டரின் ஆட்கள் 63 பேர் வேலை செய்திருப்பதையும் ஒருவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பெயர்ப் பட்டியலின் நகலை அவர்கள் கேட்டு வாங்கியதே இல்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர். இரண்டையும் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். டிசம்பர், ஜனவரி பில்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால், கையில் பணம் இருக்கிறது, பார்க்கிறோம் என்றார்.

வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. அன்றே மனு ஒன்றும் பதிவாயிற்று. epfigms.gov.in என்ற தளத்தில் UAN எண்ணையும் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் கொண்டு குறையைப் பதிவு செய்யலாம். பதிவு எண் ஒன்று கிடைக்கும். அதை வைத்து நிலைமையைப் பார்த்துக்கொள்ளலாம். மனுவில் என்ன எழுதினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘பணம் வரவில்லை, தயவுசெய்து நடவடிக்கை எடுங்கள்’ என்று எழுதினால், நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம் என்ற பதிலோடு கோப்பு மூடப்பட்டுவிடும் அபாயம் உண்டு. நாங்கள் எழுதியது இவ்வாறு:

“எனது அங்கத்தினர் எண்ணில் 2024 அக்டோபர், நவம்பர், டிசம்பர், 2025 ஜனவரி ஆகிய நான்கு மாதச் சம்பளத்தில் மாதம் 1,440 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. சம்பளச் சீட்டுகள் இணைத்துள்ளேன். அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு நிறுவனம் 41 பேருக்குப் பணம் செலுத்தியுள்ளது; அப்பட்டியலில் என் பெயர் இல்லை. செப்டம்பர் பட்டியலில் 63 பேர் இருந்தனர். டிசம்பர், ஜனவரி மாதங்களுக்குப் பணம் செலுத்தியதாகத் தளத்தில் காணவில்லை. நான் வேலை செய்யும் ஆலை இன்னது. விட்டுப்போன மாதங்களுக்கு இரு பங்கும் செலுத்தச் செய்யவேண்டுகிறேன்.”

அவ்வளவுதான். அதனுடன் நான்கு சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பக்கம், பாஸ் புத்தகத்தின் நகல், நாங்கள் தளத்தில் கண்ட வரிகளின் படம் ஆகியவற்றை இணைத்தோம்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி எழும். அந்த 22 பேரில் மூவரிடம் ஒரு சீட்டும் இல்லை. சீட்டே கொடுக்கப்படவில்லை என்றார்கள். வங்கியில் 10,470 ரூபாய் வரவானது மட்டும் தெரிந்தது. வங்கி வரவு தனியாகப் பிடித்தத்தை நிரூபிக்காது. ஆனால் 12,000-இலிருந்து 1,440-ஐயும், நூற்றுக்கு முக்கால் வீதமாகிய இ.எஸ்.ஐ. 90-ஐயும் கழித்தால் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் 10,470 வருகிறது. இந்தக் கணக்கும், ஆலையின் வருகைப் பதிவேடும், சீட்டு வைத்திருந்த மற்றவர்களின் சீட்டுகளும் சேர்ந்தபோது அவர்களுடைய கோரிக்கையும் நின்றது. ஆயினும் சீட்டு இருந்திருந்தால் அலைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆலையில் வாங்கும் சீட்டுகளைக் கசக்கிப் போடாமல், பட்டாவும் ரசீதும் இருக்கும் அதே பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

சீட்டுக்கு இன்னொரு வகையிலும் மதிப்பு உண்டு. தொழிலாளியின் பங்கைச் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்ட அந்தக் கணமே, அது வேலை கொடுப்பவரிடம் நம்பி ஒப்படைத்த பணம் ஆகிறது. அதைக் கட்டாமல் விட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவின் விளக்கம் சொல்லிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பிடித்தார் என்பதற்குச் சாட்சி அந்தச் சீட்டுதான். இதற்காக எடுத்தவுடன் காவல் நிலையத்துக்கு ஓடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நிதி அலுவலகத்துக்கே கணக்கைக் கேட்கவும், தொகையை நிர்ணயிக்கவும், வங்கிக் கணக்கை முடக்கி வசூலிக்கவும் அதிகாரம் இருக்கிறது. ஓர் எளிய குடும்பத்திற்கு அந்த வழியே பணத்தைச் சீக்கிரம் கொண்டுவரும் என்பது என் எண்ணம்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் காண்டிராக்டரின் கணக்கில் அக்டோபர் மாதத்துக்கு இரண்டாவது வரி ஒன்று தோன்றிற்று: 22 பேர். நவம்பருக்கும் அவ்வாறே. சில நாட்களில் பாஸ் புத்தகத்தில் அந்த இரண்டு மாதங்களும் ஏறின. இதற்கிடையில் அவர் ஒரு தந்திரமும் செய்து பார்த்தார். ஏப்ரல் மாதச் சம்பளத்தில் “பழைய பாக்கிக்கு உங்கள் பங்கு” என்று சிலரிடம் இரட்டிப்பாகப் பிடிக்க முயன்றார். இதை ஒப்புக்கொள்ளக்கூடாது. ஒரு மாதத்துப் பங்கை அந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். உரிய காலத்தில் பிடிக்க மறந்தவர்கூடப் பின்னால் தம் இஷ்டப்படி தொழிலாளியிடம் பிடிக்க விதி இடம் தரவில்லை. இவரோ ஏற்கெனவே பிடித்துவிட்டவர். அந்தப் பெண்கள் பழைய சீட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

டிசம்பர், ஜனவரி மாதங்கள் அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஆலை தனக்குப் பில் பணம் தரவில்லை, அதனால் கட்டவில்லை என்றார் காண்டிராக்டர். பிடித்த பணம் அவருடையது அல்லவே. பில் வராதது அதற்குச் சமாதானம் ஆகாது. நிதி அலுவலகம் ஆலைக்கும் அவருக்கும் அறிவிப்பு அனுப்பியது. விசாரணைக்கு இருமுறை நாள் குறிக்கப்பட்டது. முதல் நாளில் அவர் வரவில்லை. கடைசியில் 2025 ஆகஸ்டில், நிறுத்தி வைத்திருந்த பில் தொகையைக் கொண்டு ஆலை அந்த இரண்டு மாதங்களையும் கட்டச் செய்தது. மார்ச்சில் தொடங்கியது ஆகஸ்டில் முடிந்தது. ஆலையின் கையில் காண்டிராக்டரின் பணம் இருந்ததால் இந்த அளவிலாவது முடிந்தது. காண்டிராக்டர் பில்லை வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகு, ஓராண்டு இரண்டாண்டு கழித்துக் கேட்கத் தொடங்கினால், பணம் வசூலாகும் வரை பாஸ் புத்தகம் காலியாகவே இருக்கும். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சேவை வேண்டும். கட்டாத மாதங்கள் அக்கணக்கில் தகராறுக்கு இடமாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் பாஸ் புத்தகத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சொன்ன விவகாரம் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறும். பிடித்த பங்கைத் தம் பங்கோடு சேர்த்துச் செலுத்தும் கடமை வேலை கொடுப்பவருக்கு அதிலும் தொடர்கிறது. ஆகையால் மனுவில் பிரிவு எண்களை எழுதுவதைவிட, மாதத்தையும் தொகையையும் பெயர்ப் பட்டியலின் எண்ணிக்கையையும் எழுதுவதே மேல்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து ஒரே காண்டிராக்டரிடம் பலர் வேலை செய்வார்கள். ஒருவருக்குக் குறை என்று தெரிந்தால் மற்றவர்களின் பாஸ் புத்தகங்களையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஐந்து பேரின் விவரமும் ஒரே மாதிரி இருந்தால் அலுவலகத்தில் அதற்குத் தனி எடை உண்டு. கணினி வழியில் மனுச் செய்யத் தயங்குகிறவர்களை நேரிலேயே அழைத்துச் செல்லலாம். 2023 ஜனவரி முதல் நிதி நிறுவனத்தார் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாதந்தோறும் 27-ஆம் தேதி, அன்று விடுமுறையானால் அடுத்த வேலை நாளில், குறைதீர்ப்பு முகாம் நடத்திவருகிறார்கள். அந்த மாதம் முகாம் எந்த இடத்தில் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போகும்போது சம்பளச் சீட்டுகள், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பாஸ் புத்தகத்தின் நகல், காண்டிராக்டரின் குறியீட்டு எண் எழுதிய சீட்டு ஆகியவற்றோடு, ஆதாரில் பதிந்த கைபேசியையும் மறவாமல் எடுத்துச் செல்லவேண்டும்; கடவு எண் அதற்குத்தான் வரும்.